250-இல் 300 சாமான் உட்காருமா? ஃபிரேம் நம்பரும் எஞ்சின் நம்பரும் சொல்வது

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஹோண்டா சிபிஆர்250ஆர் வாங்கினேன், 2011 மாடல் என்று சொன்னார்கள். புகை விடுகிறது, பிஸ்டன் செட் மாற்றணும். முன் பிரேக் கேலிப்பர் இறுகிப் பிடிக்கிறது. ஆயில் ஃபில்டரும் வேணும். "சிபிஆர்300ஆர் சாமான் அப்படியே உட்காரும், ரெண்டுக்கும் போர் ஒண்ணுதான்" என்கிறார்கள். ஃபிரேம் நம்பர், எஞ்சின் நம்பரை வைத்து சரியான பார்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? 300 உடையதை வாங்கலாமா?

பதில்:

ஃபில்டரைத் தாராளமாக வாங்கலாம். பிஸ்டனை அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். கேலிப்பரைப் பொறுத்தவரை 250-ஆ 300-ஆ என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் வண்டி ஏபிஎஸ் உள்ளதா இல்லாததா என்று பார்க்க வேண்டும். மூன்று சாமானுக்கும் மூன்று விதமான பதில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இனி யாரிடமும் கேட்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நம்பரைச் சரியாகப் படிக்க வேண்டும். ஃபிரேம் நம்பர் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். பதிவுப் புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் என்று இருப்பதும் இதுதான். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டால் கேபிள்களுக்குப் பின்னால் தெரியும். எஞ்சின் நம்பர் கிராங்க்கேஸ் மேலேயே அடித்திருக்கும். ஆயிலும் மண்ணும் சேர்ந்து மூடியிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். எண்ணைச் சுற்றிக் கீறல் விழுந்தால் நாளைக்கு வண்டியைச் சோதிப்பவர் கண்ணுக்கு நம்பரைத் திருத்தியது போலத் தெரியும். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து மங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும்.

17 எழுத்து ஃபிரேம் நம்பரில் I, O, Q என்ற மூன்று எழுத்துகள் வராது. ஆகவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம், நேர்கோடாக ஒன்று நின்றால் அது ஒன்று. 8-ஐயும் B-ஐயும், 5-ஐயும் S-ஐயும் மாற்றிப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும். பதிவுப் புத்தகத்திலேயே அப்படித் தவறாக ஏறியிருக்கலாம், அதனால் புத்தகத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்காமல் வண்டியைப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் கட்டிய ஒரு சிபிஆர்250ஆர் என்றால், தனி வண்டியைக் காட்டும் இடங்களை மறைத்துப் பார்த்தால் நம்பர் இப்படி இருக்கும்:

```
MLHMC41**B*******
MC41E-*******
```

மேலே உள்ளது ஃபிரேம். முதல் மூன்று எழுத்து யார் கட்டியது என்பதைச் சொல்லும். MLH என்றால் தாய் ஹோண்டா, ME4 என்றால் ஹோண்டாவின் இந்தியக் கிளை. இந்த வண்டி இரண்டு நாட்டிலும் கட்டப்பட்டது, ஆகவே இந்த மூன்றெழுத்து முக்கியம். அடுத்து வரும் MC41 தான் வண்டியின் உண்மையான பெயர். டேங்க்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை யாரும் மாற்றலாம், இதை அப்படி மாற்ற முடியாது. பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து மாடல் வருடம்: A என்றால் 2010, B என்றால் 2011, C 2012, D 2013, E 2014. வருடத்துக்கு எழுத்து கொடுக்கும்போது I, O, Q-வோடு U, Z இரண்டையும் விட்டுவிடுவார்கள். கடைசியில் இருப்பது வரிசை எண்.

கீழே உள்ளது எஞ்சின். MC41-ஐத் தொடர்ந்து ஒரு E, பிறகு அதற்கென்று தனி வரிசை எண். ஃபிரேமின் வரிசை எண்ணும் எஞ்சினின் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதைப் பார்த்துவிட்டு எஞ்சின் மாற்றிய வண்டியோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனி வரிசையில் ஓடுகின்றன, அவ்வளவுதான். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் எஞ்சின் மேல் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாடல் வருடமும் வண்டி செய்த வருடமும் ஒன்றல்ல. பதிவான வருடம் இன்னும் வேறு. 2011 மாடல் வண்டியை முந்தைய வருடக் கடைசியிலேயே கட்டத் தொடங்கியிருப்பார்கள், அது ஷோரூமில் தூங்கி 2012-இல் பதிவாகியிருக்கும். உங்களிடம் 2011 என்று சொன்னவர் இதில் எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பத்தாவது எழுத்தைப் பாருங்கள். எல்லா நாட்டு வண்டிகளிலும் அந்த இடத்தில் வருடம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பூஜ்யமோ பொருந்தாத எழுத்தோ இருந்தால் வருடத்தை அதிலிருந்து ஊகிக்காமல் வரிசை எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

இனி எந்தச் சாமானுக்கு எந்த நம்பர். ஹோண்டாவின் பார்ட்ஸ் கேட்டலாக் இரண்டு பாகமாகப் பிரிந்திருக்கும். E என்று தொடங்கும் பக்கங்கள் எஞ்சின்: ஹெட், சிலிண்டர், கிளட்ச், கியர் எல்லாம் அதில். F என்று தொடங்கும் பக்கங்கள் ஃபிரேம்: பிரேக், ஃபோர்க், சக்கரம், ஒயரிங். E பக்கத்துச் சாமானுக்கு எஞ்சின் நம்பரைப் பார்க்க வேண்டும், F பக்கத்துக்கு ஃபிரேம் நம்பர். கேட்பதற்கு எளிது, ஆனால் சில சாமான் நாம் நினைக்கும் பக்கத்தில் இருக்காது. சைலன்சர் எஞ்சினில்தான் மாட்டியிருக்கிறது, ஆனால் இருப்பது F-இல். ரேடியேட்டரும் அப்படியே. எஞ்சினை இயக்கும் இசியு பெட்டிகூட ஃபிரேமோடு சேர்ந்ததுதான். எஞ்சின் மாற்றிய வண்டியில் இந்தப் பிரிவு ரொம்ப முக்கியமாகிவிடும்.

எதற்காக வரிசை எண் வரை போக வேண்டும் என்று கேட்கலாம். கம்பெனி ஒரு சாமானை மாற்ற மாடல் வருடம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. ஒரு சீல் கசிகிறது என்று புகார் வந்தால் வருடத்தின் நடுவிலேயே வேறு சீலுக்கு மாறிவிடும். கேட்டலாக்கில் ஒரே சாமானுக்கு இரண்டு வரி இருக்கும். முதல் வரியின் ஓரத்தில் ஒரு வரிசை எண்ணும் அதற்கு முன்னால் "வரை" என்பதற்கான அலைக்கோடும், அடுத்த வரியில் அதற்கு அடுத்த எண்ணும் பின்னால் அலைக்கோடும் இருக்கும். உங்கள் எண் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வருடத்து, ஒரே நிறத்து இரண்டு வண்டிகளுக்கு வேறு வேறு சாமான் வருவது இதனால்தான். அலைக்கோடு இல்லாத வரி என்றால் எல்லா வண்டிக்கும் அதுவே.

அந்த எல்லை எண் அந்தச் சந்தைக்கு மட்டும் செல்லும். கேட்டலாக்கில் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு குறி உண்டு. E என்றால் பிரிட்டன், ED என்றால் ஐரோப்பாவின் நேரடி விற்பனை, U என்றால் ஆஸ்திரேலியா. இணையத்தில் கிடைக்கும் வரைபடப் பக்கங்களில் பாதிப் பேர் வேறு நாட்டுக் கேட்டலாக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நம்பர் தேடுகிறார்கள். பிஸ்டன், கிளட்ச் மாதிரி உள்சாமானில் இது பெரிதாகத் தொல்லை தராமல் போகலாம். விளக்கு, இசியு, சைலன்சர், ஒயரிங் ஆகியவற்றில் கண்டிப்பாகத் தொல்லை தரும், ஏனென்றால் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் கைவைப்பது அவற்றில்தான்.

சரி, பார்ட் நம்பருக்கு வருவோம். "300 உடையது உட்காருமா" என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும். ஹோண்டாவின் பார்ட் நம்பர் மூன்று துண்டாக இருக்கும். உங்கள் ஆயில் ஃபில்டரையே எடுத்துக்கொள்வோம்:

```
15412-KYJ-901
```

முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பது. 15412 என்றால் உள்ளே போடும் ஆயில் ஃபில்டர். ஹோண்டாவில் 13101 எந்த வண்டியில் வந்தாலும் பிஸ்டன், 13011 ரிங் செட், 12251 ஹெட் கேஸ்கெட், 22201 கிளட்சின் உராய்வுத் தட்டு. நடுவில் உள்ள மூன்றெழுத்து, அந்தச் சாமான் முதலில் எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்பது. KYJ என்பது சிபிஆர்250ஆர். கடைசி மூன்று அதன் வடிவம், திருத்தம்.

இப்போது 300 உடைய கேட்டலாக்கைத் திறங்கள். அந்த மாடலுக்கென்று புதிதாக வரைந்த சாமானில் நடுவில் K33 என்று இருக்கும். ஆனால் ஆயில் ஃபில்டர் பக்கத்தில் நிற்பது அதே 15412-KYJ-901. அதாவது 300-ஐ வடிவமைத்தவர்கள் 250 உடைய ஃபில்டரையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகுமா என்று விவாதிக்க இடமே இல்லை, இரண்டும் ஒரே சாமான். 300-க்கு என்று விற்கும் பெட்டியை நீங்கள் வாங்கலாம், பெட்டி மேல் நம்பர் அதுதானா என்று மட்டும் பாருங்கள்.

எந்தச் சாமானுக்கும் இப்படியே பார்க்கலாம். 300 கேட்டலாக்கில் நடுக்குறி KYJ என்று வந்து, முழு நம்பரும் உங்கள் வண்டியின் வரியோடு ஒத்துப்போனால் அது உங்களுக்கும் சேர்ந்தது. நடுக்குறி K33 என்று வந்தால், கம்பெனி ஏதோ காரணத்துக்காகப் புதிதாக ஒன்று வரைந்திருக்கிறது. என்ன காரணம் என்று தெரியும் வரை வாங்காதீர்கள்.

நடுக்குறி வேறு வண்டியுடையதாக இருக்கிறதே என்று திகைக்கவும் வேண்டாம். 15410-MFJ-D01 என்ற ஃபில்டரில் உள்ள MFJ, சிபிஆர்600ஆர்ஆர் உடைய குறி. சிபி500எக்ஸிலும் அதே ஃபில்டர்தான். கடைசித் துண்டு மட்டும் மாறி D02 என்று வந்தால் பழையதற்குப் பதிலாக வந்த புதியது என்று பொருள். புதிய நம்பர் பழைய வண்டியில் உட்காரும் என்று கம்பெனியே சொல்லும். பழைய கையிருப்பை எடுத்துப் புதிய வண்டியில் போடலாம் என்று எங்கும் சொல்லாது, திருத்தத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

நட்டு, போல்ட், வாஷரில் நடுக்குறியே இருக்காது. 94109-12000 என்பது ஆயில் வடிக்கும் போல்ட்டின் 12 மில்லிமீட்டர் வாஷர், 96001-06025-00 என்பது 6 மில்லிமீட்டர் தடிமனும் 25 மில்லிமீட்டர் நீளமும் உள்ள போல்ட். அளவே நம்பராக இருக்கிறது. பால் பேரிங்கும் இப்படித்தான், வண்டிப் பெயரைவிட அதன் பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு. 6302 என்றால் உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் உள் விட்டம் 15, வெளி விட்டம் 42, அகலம் 13 மில்லிமீட்டர். இந்த மாதிரிச் சாமானுக்கு மாடல் பெயரைச் சொல்லிக்கொண்டு அலைவது வீண்.

இனி பிஸ்டன். "போர் ஒண்ணுதான்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. போர் என்பது சிலிண்டரின் உள் விட்டம். சிபிஆர்250ஆர் உடைய போர் 76 மில்லிமீட்டர், சிபிஆர்300ஆர் உடையதும் 76. வித்தியாசம் ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தில் இருக்கிறது: 250-இல் 55, 300-இல் 63. கவாசாகியின் நின்ஜா 250-க்கும் நின்ஜா 300-க்கும் இதே கதைதான், இரண்டிலும் போர் 62, ஸ்ட்ரோக் 41.2-இலிருந்து 49 ஆகியது. சிசியைக் கூட்ட கிராங்க்கை மாற்றுவது தொழிற்சாலைக்கு வழக்கமான வழி.

ஸ்ட்ரோக் 8 மில்லிமீட்டர் கூடினால் கிராங்க்கின் கை 4 மில்லிமீட்டர் நீளும். 27.5 இருந்தது 31.5 ஆகும். வேறு எதையும் தொடாமல் அந்தக் கிராங்க்கை மட்டும் மாட்டினால் பிஸ்டன் உச்சியில் 4 மில்லிமீட்டர் மேலே ஏறி ஹெட்டில் இடிக்கும். ஆகவே வடிவமைத்தவர் அந்த 4 மில்லிமீட்டரை எங்காவது ஈடுகட்டியே ஆக வேண்டும். சிலிண்டர் பிளாக்கை உயர்த்தலாம், கனெக்டிங் ராடைக் குறைக்கலாம், அல்லது பிஸ்டனில் பின் துளையை மேலே தூக்கலாம். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தும் செய்யலாம். மூன்றாவது வழியில் கை வைத்திருந்தால் அந்தப் பிஸ்டன் உங்கள் சிலிண்டருக்குள் வழுவழுவென்று இறங்கும், ரிங்கும் பொருந்தும், ஆனால் தப்பான உயரத்தில் நிற்கும்.

அந்த உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எஞ்சினின் கொள்ளளவு ஏறக்குறைய 249.5 சிசி, கம்ப்ரஷன் 10.7-க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 249.5-ஐ 9.7-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 25.7 சிசி. 76 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பது சுமார் 4.5 சிசி. பிஸ்டன் தலை ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் மிஞ்சுவது 21.2 சிசி, கம்ப்ரஷன் 12.8 ஆகிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், முதலில் நன்றாக இழுப்பது போலவும் இருக்கும். ஏற்றத்தில் கியர் குறைக்காமல் முறுக்கினால் உள்ளே கிணுகிணு என்று தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும், அதோடு ஓட்டினால் பிஸ்டன் தலை அரிக்கும். வால்வு பிஸ்டனைத் தொடும் ஆபத்து தனி. ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் கம்ப்ரஷன் 9.3 ஆகும், எஞ்சின் எதையும் உடைக்காது, ஆனால் புதுப் பிஸ்டன் போட்டும் இழுவை இல்லையே என்று நீங்கள் கார்புரேட்டர் இல்லாத வண்டியில் எதையெதையோ நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

எனவே பிஸ்டனில் விட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கழற்றிய பழையதையும் வாங்கப்போவதையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளக்க வேண்டியது, பின்னின் விட்டம், பின் மையத்திலிருந்து தலை வரை உயரம், தலையில் வால்வுக்காக வெட்டியிருக்கும் பள்ளங்களின் இடமும் ஆழமும், ரிங் பள்ளத்தின் அகலம், பாவாடையின் நீளம். பின் மையத்தை நேராக அளக்க முடியாது. பின் துளையின் மேல் விளிம்பிலிருந்து தலை வரை அளந்து, துளை விட்டத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இத்தனை அளவும் எடுக்க மனமில்லை என்றால் 13101 வரியில் உங்கள் எஞ்சின் நம்பருக்கு வரும் பிஸ்டனையே வாங்குவது நல்லது. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

"உங்கள் எஞ்சின் நம்பருக்கு" என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஹோண்டாவின் சிஆர்எஃப்250எல் என்ற மண்பாதை வண்டியில் இருப்பது உங்கள் எஞ்சினின் நெருங்கிய உறவு, அதே 76-க்கு 55. அதன் எஞ்சின் நம்பர் MD38E என்று தொடங்கும். விபத்தில் எஞ்சின் உடைந்த சிபிஆரில் யாராவது அதைத் தூக்கி உட்கார வைத்திருக்கலாம். அப்படியானால் பதிவுப் புத்தகம் MC41E என்று சொல்லும், எஞ்சின் MD38E என்று சொல்லும். உள்சாமான் எல்லாவற்றையும் சிஆர்எஃப் கேட்டலாக்கில்தான் தேட வேண்டும், பிரேக்கும் ஒயரிங்கும் இசியுவும் சிபிஆர் கேட்டலாக்கில். திராட்டில் பாடியில் இன்னும் சிக்கல்: சிபிஆரில் 38 மில்லிமீட்டர், சிஆர்எஃபில் 36. எஞ்சினோடு எது வந்து சேர்ந்தது, ஃபிரேமோடு எது நின்றுவிட்டது என்று நம்பர் சொல்லாது, திறந்துதான் பார்க்க வேண்டும். எஞ்சின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துவராத வண்டியை அப்படியே விட்டுவிடவும் கூடாது, பதிவில் திருத்துவதற்கு உங்கள் நாட்டில் உள்ள வழியைப் பாருங்கள்.

நம்பரின் எல்லையும் அதுதான். தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது வண்டியில் என்ன இருந்தது என்பது மட்டும்தான் நம்பருக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை கை பட்டது என்று அதற்குத் தெரியாது. யாராவது சிலிண்டரைப் போர் செய்து பெரிய பிஸ்டன் போட்டிருந்தால், நம்பர் சொல்லும் ஸ்டாண்டர்ட் பிஸ்டன் உள்ளே லொடலொடக்கும். பழைய பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டினால் 0.25, 0.50 மாதிரி ஏதாவது முத்திரை தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் அத்தனை மில்லிமீட்டர் பெரிதாக்கியிருக்கிறார்கள். முத்திரை இல்லையென்றாலும் சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில் இரண்டு திசையிலும் அளந்து பார்த்த பிறகே பிஸ்டன் ஆர்டர் போடுங்கள்.

அதற்கும் முன்னால், புகை எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் குபுக்கென்று வந்து நின்றுவிட்டாலோ, இறக்கத்தில் திராட்டிலை மூடி இறங்கிவிட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் வந்தாலோ வால்வு சீல்மீது சந்தேகப்படுங்கள். முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்துகொண்டே இருந்தால்தான் ரிங், பிஸ்டன். வால்வு சீல் போனதற்கு பிஸ்டன் செட் வாங்கினால் நம்பர் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

கடைசியாகக் கேலிப்பர். சிபிஆர்250ஆர் இரண்டு விதமாக வந்தது. சாதா வண்டியில் முன் கேலிப்பரில் இரண்டு பிஸ்டன். ஏபிஎஸ் வண்டியில் ஹோண்டா முன்பின் பிரேக்கைச் சேர்த்து இயக்கும் முறையை வைத்ததால் மூன்று பிஸ்டன். பின் பிரேக்கின் பெடலை மிதித்தால் முன் கேலிப்பரின் நடுப் பிஸ்டனும் வேலை செய்யும். இரண்டுக்கும் டிஸ்க் 296 மில்லிமீட்டர்தான், ஃபிரேம் குறியும் MC41தான். அதனால்தான் ஃபிரேம் நம்பரின் முதல் பாதியை மட்டும் சொல்லி சீல் கிட் வாங்கினால் பாதிப் பேருக்குத் தப்பாக வருகிறது: மூன்று பிஸ்டனுக்கு இரண்டு ஜோடி சீலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இதற்குக் கேட்டலாக்கில் மாடல் பெயரைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் வண்டிக்கு CBR250RA என்று தனி நிரல் இருக்கும், சாதாவுக்கு CBR250R. வண்டியில் இதைத் தெரிந்துகொள்ள, நிறக்குறியோடு ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் மாடல் பெயரைப் பாருங்கள். பக்கவாட்டு பாடி பேனல் வாங்கும்போதும் அந்த லேபிள்தான் உதவும். லேபிள் உரிந்துபோயிருந்தால் சாவியைத் திருப்பும்போது மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா, முன் சக்கரத்தில் பல் வெட்டிய சென்சார் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேலே, கேலிப்பரில் எத்தனை பிஸ்டன் என்று கண்ணால் எண்ணிவிடுங்கள், எண்ணுவதைவிட உறுதியான சாட்சி இல்லை. முன்பக்கம் அடிபட்ட வண்டியில் வேறு வண்டியின் ஃபோர்க்கும் கேலிப்பரும் ஏறியிருப்பது சகஜம். அப்படியிருந்தால் ஃபிரேம் நம்பரை ஓரமாக வைத்துவிட்டுக் கேலிப்பர் எந்த வண்டியுடையது என்று தேட வேண்டியதுதான்.

இறுகிப் பிடிப்பதற்கு சீல் மட்டும்தான் காரணம் என்றும் எண்ண வேண்டாம். கேலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறியிருந்தாலும் இதே மாதிரிப் பிடிக்கும். பின்னைக் கழற்றித் துடைத்து, ரப்பரைத் தின்னாத பிரேக் கிரீஸ் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் சீல் கிட் பற்றி யோசிக்கலாம். 300 உடைய முழுக் கேலிப்பர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிரேக்கில் மட்டும் சோதனை செய்யாதீர்கள். போல்ட் ஓட்டை ஒத்துப்போய், டிஸ்க் நடுவில் நின்றாலும், பிஸ்டன் விட்டம் வேறாக இருந்தால் உங்கள் மாஸ்டர் சிலிண்டரோடு லீவரின் பிடி மாறிவிடும். பிடித்தால் கல் மாதிரி இறுகும், அல்லது கைப்பிடி வரை வந்து நிற்கும். இரண்டு வண்டிக் கேட்டலாக்கிலும் முழு நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வேறு கம்பெனிகள் செய்யும் சாமான் பற்றியும் கேட்பீர்கள். பெட்டியின் பின்னால் "250, 300 இரண்டுக்கும்" என்று அச்சடித்திருப்பார்கள். ஃபில்டர், பிரேக் பேடு, செயின் மாதிரி அளவே எல்லாம் என்கிற சாமானில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிஸ்டன், கேஸ்கெட், இசியுவில் அந்த அச்சை நம்ப மாட்டேன். அந்தப் பெட்டியில் ஒரிஜினல் பார்ட் நம்பரையும் போட்டிருக்கிறார்களா, அது உங்கள் வரியில் உள்ள நம்பர்தானா என்று பார்ப்பேன். இசியு ஒரு தனி வலை: கனெக்டர் சரியாக மாட்டும், எஞ்சினும் ஓடும், ஆனால் அதற்குள் இருக்கும் பெட்ரோல் கணக்கு வேறு எஞ்சினுக்கானது. மாட்டுகிறது என்பதற்கும் வேலை செய்கிறது என்பதற்கும் இடையே இருக்கும் தூரம் அதில்தான் அதிகம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இரண்டு நம்பரையும் முழுதாக, பழுதில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுத்து வையுங்கள். எந்த நாட்டுக்காகக் கட்டிய வண்டி என்பதையும் நிற லேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டரும் வாஷரும் இன்றைக்கே வாங்கலாம். கேலிப்பரைக் கழற்றி பிஸ்டனை எண்ணி, பின்னைச் சுத்தம் செய்து பார்த்த பிறகு சீல் கிட்டுக்கு ஆர்டர் கொடுங்கள். எஞ்சினுக்கு 12251 ஹெட் கேஸ்கெட்டையும் 12191 சிலிண்டர் கேஸ்கெட்டையும் எஞ்சின் நம்பர் சொல்லி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஹெட்டைத் திறந்தால் அவை எப்படியும் தேவைப்படும். பிஸ்டனை மட்டும் சிலிண்டரை அளக்கும் வரை நிறுத்தி வையுங்கள். திறந்ததும் பழைய பிஸ்டனின் தலையைப் படம் எடுத்து, அளவுகளோடு இங்கே போட்டால் எந்தச் சைஸ் என்று பார்த்துச் சொல்கிறேன்.